வெட்டிய அலை எங்கே போகிறது?

வீட்டில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், அவர்களுடைய லேப் ரெக்கார்டைப் புரட்டிப் பாருங்கள். ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு படம் கண்ணில் படும். மேலே, ஏறி இறங்கும் அழகான சைன் அலை. அதன் கீழே அதே அலை, ஆனால் உச்சியை மட்டும் காணோம். அந்த இடத்தில் ஒரு நேர்கோடு. ‘கிளிப்பர்’ என்று தலைப்புப் போட்டிருக்கும். ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு பேட்டரி, அவ்வளவுதான் சுற்று. தேர்வில் இதைக் கொடுத்து ‘வெளியீட்டை வரைக’ என்று கேட்பார்கள். பேட்டரியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்பார்கள். மனப்பாடம் செய்த மாணவர் பாதிப் பேர் அந்த இரண்டாவது கேள்வியில்தான் விழுவார்கள்.

மனப்பாடமே தேவையில்லை என்பது என் கட்சி. இதை எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் போதும். உள்ளீடு 10 வோல்ட் உச்சம் கொண்ட சைன் அலை, வினாடிக்கு 50 சுற்று. அதாவது பூஜ்யத்தில் தொடங்கி +10 வரை ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, -10 வரை இறங்கி, 20 மில்லி வினாடியில் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. இந்த அலை முதலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. ரெசிஸ்டரின் மறுமுனைதான் வெளியீடு. அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கிளை இறங்குகிறது. கிளையில் மேலே டையோடு, அதன் அம்புக்குறி கீழ்நோக்கி. அதற்குக் கீழே 3 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் முனை மேலே டையோடைப் பார்த்து, நெகட்டிவ் முனை கிரவுண்டில். லேப்பில் என்றால் இரண்டு பென்சில் செல்லை ஹோல்டரில் போட்டால் இந்த 3 வோல்ட் கிடைத்துவிடும்.

டையோடு மின்னோட்டத்தை அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் விடும். அதுவும் சும்மா விடாது. சிலிக்கான் டையோடு என்றால் தனக்குக் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் எடுத்துக்கொண்டுதான் விடும். இப்போது பேட்டரி அந்த டையோடின் கீழ்முனையை ஏற்கெனவே +3 வோல்ட்டில் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆகவே மேல்முனை 3.7 வோல்ட்டைத் தொடும்வரை டையோடு திறக்காது. தொட்டபின் திறந்துகொள்ளும், அதற்கு மேல் வெளியீட்டை ஏறவிடாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓவர்ஃப்ளோ குழாய் செய்யும் வேலைதான் இது. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீர் குழாய் வாய்க்கு மேல் நிற்காது. குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்பதைப் பேட்டரி முடிவு செய்கிறது.

உள்ளீடு 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்போது என்ன நடக்கும்? டையோடு மூடியிருப்பதால் அந்தக் கிளை இருந்தும் இல்லாதது போல. ரெசிஸ்டரில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் அதில் வோல்டேஜ் இழப்பும் இல்லை. ஆகவே உள்ளீடு என்னவோ அதுவே வெளியீடு, -10 வோல்ட் ஆனாலும் சரி. பேட்டரி இருக்கிறதே, அது அலை முழுவதையும் 3 வோல்ட் மேலே தூக்காதா என்று சிலர் குழம்புவார்கள். தூக்காது. மூடிய டையோடுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிக்கு வெளியீட்டின் மேல் எந்தப் பிடியும் கிடையாது.

வரைவதற்கு இனி இரண்டே கோடுகள் போதும். உள்ளீட்டுச் சைன் அலையைப் பென்சிலால் லேசாகப் போடுங்கள். அதே அச்சில் 3.7 வோல்ட் உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். ஒவ்வொரு கணத்திலும் இந்த இரண்டில் எது கீழே இருக்கிறதோ அதன்மேல் பேனாவை ஓட்டுங்கள். வெளியீடு அதுதான்.

கிராஃப் தாளில் கிடைமட்டமாக 1 செ.மீ.க்கு 2 மில்லி வினாடி, செங்குத்தாக 1 செ.மீ.க்கு 2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்று சரியாக 10 செ.மீ. நீளம் வரும். கிடைக்கோடு அச்சிலிருந்து 1.85 செ.மீ. உயரத்தில் ஓடும். அலை அந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்பதைக் கண்ணளவில் போடக் கூடாது, கணக்கிட வேண்டும். 10 sin θ = 3.7 என்றால் sin θ = 0.37, கோணம் 21.7 பாகை. 360 பாகைக்கு 20 மில்லி வினாடி என்றால் 21.7 பாகைக்கு 1.2 மில்லி வினாடி. இறங்கும் பக்கத்தில் அதே உயரம் 158.3 பாகையில், அதாவது 8.8 மில்லி வினாடியில் வரும். தாளில் 0.6 செ.மீ.யிலிருந்து 4.4 செ.மீ. வரை நேர்கோடு. முன்னும் பின்னும் அசல் அலை. 7.5 செ.மீ. இடத்தில் அடிப்பக்க உச்சி முழுசாக -10 வோல்ட்டில் இருக்கும். பாசிட்டிவ் பாதியில் பெரும்பகுதி தட்டையாகத்தான் கிடக்கும். பலர் உச்சியில் மட்டும் சிறிது சீவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 10 வோல்ட் அலையில் 3.7 என்பது எவ்வளவு கீழே என்று அளந்து பார்ப்பதில்லை.

இனி அந்த இரண்டாவது கேள்வி. டையோடு அப்படியே இருக்கட்டும், பேட்டரியை மட்டும் தலைகீழாக்குவோம். நெகட்டிவ் முனை மேலே, பாசிட்டிவ் கிரவுண்டில். டையோடின் கீழ்முனை இப்போது -3 வோல்ட்டில் இருக்கிறது. அதைவிட 0.7 அதிகமானால் டையோடு திறக்கும், அதாவது -2.3 வோல்ட்டில். நம் கிடைக்கோடு அச்சுக்குக் கீழே போய்விட்டது. விதி மாறவில்லை, கீழே இருப்பதையே பின்தொடர வேண்டும். பாசிட்டிவ் பாதி முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, ஆகவே அது மொத்தமும் போய்விட்டது. நெகட்டிவ் பாதியிலும் தொடக்கமும் முடிவும் போய்விடும். மிஞ்சுவது 10.74 மில்லி வினாடியிலிருந்து 19.26 வரை -10 வோல்ட்டுக்கு இறங்கி ஏறும் ஒரு பள்ளம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் -2.3 வோல்ட்டில் நேர்கோடு.

இங்கே ஒரு சின்ன இடத்தைக் கவனியுங்கள். நேரம் பூஜ்யத்தில் உள்ளீடும் பூஜ்யம். ஆனால் வெளியீடு -2.3 வோல்ட்டில் தொடங்குகிறது. சைன் அலை என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்தில் கை தானாக அங்கே போய்ப் புள்ளி வைக்கும். விடைத்தாளில் மதிப்பெண் கழிவது பெரும்பாலும் அந்தப் புள்ளியில்தான். சிக்னலே கொடுக்காமல் உள்ளீட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டாலும் பேட்டரி தானாகவே டையோடு வழியாக 2.3 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்.

டையோடைத் திருப்பினால்? அம்பு மேல்நோக்கி இருந்தால் அது வெளியீட்டைக் கோட்டுக்குக் கீழே இறங்கவிடாது. அப்போது மேலே இருப்பதைப் பின்தொடர வேண்டும். 0.7 வோல்ட்டைக் கூட்டாமல் கழிக்க வேண்டும்: +3 பேட்டரி என்றால் கோடு 2.3 வோல்ட்டில், -3 என்றால் -3.7 வோல்ட்டில். ஆக, கோட்டின் உயரத்தைப் பேட்டரியும் பக்கத்தை டையோடும் தீர்மானிக்கின்றன. புத்தகத்தில் நான்கு தனித்தனிப் படங்களாகப் போட்டுப் பயமுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

ஆனால் படம் சரியாக வந்ததும் நோட்டை மூடிவிடுகிறோம். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரசியமே தொடங்குகிறது. முதல் சுற்றுக்கே திரும்பிப் போவோம். உள்ளீடு 10 வோல்ட் உச்சியில் நிற்கும்போது வெளியீடு 3.7. மீதி 6.3 வோல்ட் எங்கே?

ரெசிஸ்டரில் இருக்கிறது. டையோடு திறந்ததும் மின்னோட்டம் ஓடுகிறது, அந்த மின்னோட்டம் ரெசிஸ்டரில் வோல்டேஜை இழக்கிறது, மிச்சம் வெளியீட்டில் நிற்கிறது. 1 கிலோ ஓமில் 6.3 வோல்ட் என்றால் 6.3 மில்லி ஆம்பியர். இரண்டு சேனல் உள்ள ஆசிலோஸ்கோப்பில் உள்ளீட்டை ஒன்றிலும் வெளியீட்டை மற்றொன்றிலும் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் 20 மில்லி வினாடிக்கு ஒரு மேடு வரும், இடையில் சமதளம். வெட்டுப்பட்ட அந்தத் தலைதான் அது, உருவம் குலையாமல் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கிளிப்பரே இல்லை. சாதாரண ஃபங்ஷன் ஜெனரேட்டரின் உள்தடை 50 ஓம்தான். நேராக டையோடில் மாட்டினால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடப் பார்க்கும். ஜெனரேட்டரால் அதைக் கொடுக்க முடியாமல் உள்ளீட்டு அலையே நசுங்கிப்போகும்.

சரி, அந்த 6.3 மில்லி ஆம்பியர் ரெசிஸ்டரைத் தாண்டி, டையோடைத் தாண்டி எங்கே போகிறது? பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குள். அங்கிருந்துதான் மின்னோட்டம் வெளியே வர வேண்டும். இங்கே உள்ளே நுழைகிறது. பேட்டரி மின்சாரம் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று முழுவதற்கும் சராசரி எடுத்தால் 1.55 மில்லி ஆம்பியர். பென்சில் செல்லில் அரை மணி நேரப் பரிசோதனைக்கு இது ஒன்றும் செய்யாது. சார்ஜ் செய்யும் வகையல்லாத செல்லில் நாள்கணக்கில் இப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல.

பேட்டரிக்குப் பதில் மேசைமேல் இருக்கும் டி.சி. பவர் சப்ளையை மாட்டும்போதுதான் வேடிக்கை. பெரும்பாலான லேப் சப்ளைகள் மின்னோட்டத்தைக் கொடுக்கத் தெரிந்தவை, வாங்கத் தெரியாதவை. 3 வோல்ட்டில் வைத்த சப்ளைக்குள் வெளியிலிருந்து மின்னோட்டம் தள்ளினால், அதன் வெளிவாயிலில் இருக்கும் கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பும். மீட்டர் 3 வோல்ட்டைத் தாண்டி ஏறும். அதோடு கிளிப்பரின் தட்டைக் கோடும் ஏறும். மாணவர் 3.7 வோல்ட்டில் வெட்ட வேண்டிய அலையை 5 வோல்ட்டில் பார்த்துவிட்டு டையோடு பழுது என்று மாற்றிக்கொண்டிருப்பார். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உள்ளீட்டின் அளவைக் கூட்டுங்கள். தட்டைக் கோடு நகராமல் நின்றால் எல்லாம் சரி. கூடவே அதுவும் ஏறினால் சப்ளை தள்ளாடுகிறது. சப்ளையின் இரு முனைகளுக்கும் குறுக்கே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. 3 வோல்ட்டில் அது தானே 9 மில்லி ஆம்பியர் குடிக்கும். கிளிப்பர் தள்ளும் 6.3 அதற்குள் அடங்கிவிடுவதால் சப்ளைக்குள் எதுவும் திரும்பி நுழையாது. பேட்டரியைத் தலைகீழாக்கிய சுற்றில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மின்னோட்டம் பேட்டரி கொடுக்கும் திசையிலேயே ஓடுகிறது.

இன்னொரு பொறி ஆசிலோஸ்கோப்பிலேயே இருக்கிறது. சேனலுக்குப் பக்கத்தில் ஏ.சி., டி.சி. என்று ஒரு தேர்வு உண்டு. வீட்டு மின்சாரத்தையும் பேட்டரியையும் நினைத்துக்கொண்டு, ‘நாம் பார்ப்பது ஏ.சி.தானே’ என்று பலர் ஏ.சி.யில் வைத்துவிடுவார்கள். ஏ.சி. நிலையில் கருவி அலையின் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். முழுச் சைன் அலைக்குச் சராசரி பூஜ்யம், ஆகவே வித்தியாசம் தெரியாது. தலை வெட்டிய அலைக்குச் சராசரி பூஜ்யமல்ல. நம் அலைக்கு அது -1.55 வோல்ட். மேலே மின்னோட்டக் கணக்கில் வந்த அதே எண் இங்கேயும் வருவது தற்செயலல்ல. வெட்டுப்பட்ட துண்டின் சராசரியே இரண்டு இடத்திலும் தலைகாட்டுகிறது. இந்தச் சராசரியைக் கழித்தால் படம் முழுவதும் 1.55 வோல்ட் மேலே நகரும். தட்டைக் கோடு 5.25 வோல்ட்டிலும் அடி உச்சி -8.45 வோல்ட்டிலும் தெரியும். உருவம் கச்சிதமாக இருக்கும், எண்கள் மட்டும் எதற்கும் பொருந்தாது. அடி உச்சி -10 வோல்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சுற்றில் கைவைக்காமல் அந்தத் தேர்வை டி.சி.க்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் திரையில் தெரியும் தட்டை, ஸ்கேல் வைத்துப் போட்ட தட்டையாக இருக்காது. லேசாக வயிறு தள்ளியிருக்கும். 0.7 என்பது ஒரு வசதிக்கான எண். மின்னோட்டம் பத்து மடங்கானால் டையோடு எடுத்துக்கொள்ளும் வோல்டேஜும் ஏறத்தாழ 0.1 வோல்ட் அளவுக்குக் கூடும். அதனால் அலை 3.5 வோல்ட் சுமாரிலேயே வளையத் தொடங்கி, உச்சியில் 3.7 பக்கம் போய், மறுபடி இறங்கும். தேர்வுத்தாளில் நேர்கோடு போடுங்கள். லேப்பில் வளைவைப் பார்த்துப் பதறாதீர்கள். வேகம் கூடினால் வேறொரு கோணல் வரும். எந்தக் கடையிலும் கிடைக்கும் 1N4007 டையோடு, கரண்ட் சப்ளையின் 50 சுற்றுக்காகச் செய்தது. வினாடிக்கு ஒரு லட்சம் சுற்று அலையில் மாட்டினால் திறந்த கதவை அதனால் உடனே மூட முடியாது. அலை இறங்கத் தொடங்கிய பிறகும் வெளியீடு சிறிது நேரம் அதே உயரத்தில் நின்றுவிட்டு, பிறகு சட்டென்று விழும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லாததே அதற்கு அடையாளம். அங்கே 1N4148 போட வேண்டும்; அது சில நானோ வினாடியில் மூடிக்கொள்ளும்.

இதெல்லாம் லேப்போடு முடிகிற சமாசாரம் என்று நினைத்தால், ஆர்டுயினோ பலகையில் இருக்கும் அந்தக் கறுப்புச் சிப்பைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு சிக்னல் காலுக்குள்ளும் இரண்டு டையோடுகள் மறைந்திருக்கின்றன. ஒன்று காலிலிருந்து 5 வோல்ட் சப்ளைக்கு, மற்றொன்று கிரவுண்டிலிருந்து காலுக்கு. அந்த 5 வோல்ட் சப்ளைதான் நம் பேட்டரி. காலில் வரும் வோல்டேஜ் 5.7ஐத் தாண்டினால் மேல் டையோடு திறக்கும், -0.7க்குக் கீழே போனால் கீழ் டையோடு. இந்தச் சிப் வகையைத் தயாரித்த அட்மெல் நிறுவனம் AVR182 என்ற தன் குறிப்பில் இதை வைத்தே ஒரு துணிச்சலான வேலை செய்தது: வீட்டு மின்சாரத்தையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக நேராகச் சிப்பின் காலில் கொடுத்தது. 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட். மெகா ஓம் வழியாக அது தள்ளக்கூடியது 0.33 மில்லி ஆம்பியர்கூட இல்லை. உள்ளிருக்கும் டையோடு தாங்கிக்கொள்ளும். 325 வோல்ட் அலையை 5.7 வோல்ட்டிலும் -0.7 வோல்ட்டிலும் வெட்டினால் மிஞ்சுவது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி இறங்கும் சதுர அலை. கீழிருந்து மேலே போக 60 மைக்ரோ வினாடி சுமார்தான் ஆகும். மின்சாரம் எந்தக் கணத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்று சிப் துல்லியமாகத் தெரிந்துகொள்ளும். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஃபேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால் பலகை முழுவதும் உயிருள்ள கம்பியாகிவிடும்.

வெட்டிய துண்டு எங்கே போகிறது என்ற கேள்வி இங்கேயும் விடாது. பலகையின் சப்ளையை அணைத்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வரும் 5 வோல்ட் சிக்னலை மட்டும் காலில் விட்டுவைத்தால், நம் பேட்டரி இப்போது 3 வோல்ட்டும் அல்ல, 5 வோல்ட்டும் அல்ல, பூஜ்யம். 0.7 வோல்ட்டிலேயே டையோடு திறந்துகொள்ள, சிக்னல் மின்னோட்டம் சப்ளைப் பாதைக்குள் புகுந்து அதை 4 வோல்ட்டுக்கு மேல்கூடத் தூக்கிவிடும். அணைத்த சிப் அந்த ஒற்றைக் கால் வழியாகவே அரைகுறையாக ஓடும். எல்.இ.டி. மங்கலாக எரியும், புரோகிராம் பாதியில் நின்று உளறும். ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் ரீசெட் ஆகாது, ஏனென்றால் சிப் உண்மையில் அணையவே இல்லை. சிக்னல் கம்பியைக் கழற்றியதும் எல்.இ.டி. அணைந்தால் காரணம் இதுதான். இரண்டு கருவிகளையும் இணைக்கும் கம்பியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அந்த வழியாக அரை மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. பலகையை ஓட்ட அது போதாது, டையோடுக்கும் ஆபத்தில்லை.